காலியாக விட்ட கட்டங்கள்

வார்டில் 26 நோயாளிகள். சார்ட்டை நம்பினால், 26 பேரும் நிமிடத்துக்குச் சரியாக 20 முறை மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். நிமோனியாவோடு வந்த பெரியவருக்கும் 20, கால் புண்ணுக்காகப் படுத்திருந்த இளைஞருக்கும் 20. அதைவிடப் பெரிய சிக்கல், காலை 6 மணிக்கான கட்டத்திலும் எண்கள் எழுதப்பட்டிருந்தன. அப்போது மணி நாலரை.

புதிதாக வந்த நைட் சூப்பர்வைசர் இதைப் பார்த்தது வேலையில் சேர்ந்த மூன்றாம் இரவில். எழுதியவர், அந்த ஆண்கள் மெடிக்கல் வார்டிலேயே பல வருடங்களாக இரவு டியூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ். சூப்பர்வைசருக்கு வயது குறைவு. பெரிய நகரத்தில் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இந்த இருவரும் அவர்கள் வேலை பார்க்கும் மாவட்டத் தலைநகர ஆஸ்பத்திரியும் இந்தக் கட்டுரைக்காக உருவாக்கப்பட்டவை. இவர்களிடையே வரும் மருந்துகளும் அளவுகளும் கணக்குகளும் நிஜமானவை. இரவில் ஓர் ஆஸ்பத்திரி எதை நம்பி நடக்கிறது என்பதைக் கதையாகச் சொன்னால்தான் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியும்.

பகலில் ஒரு வார்டைச் சுற்றி டாக்டர்கள், இன்சார்ஜ் சிஸ்டர், லேப் ஆட்கள், மருந்தக ஊழியர் என்று பத்துப் பேர் இருப்பார்கள். இரவு 8 மணிக்கு ஓவர் முடிந்ததும் மிஞ்சுவது ஒரு நர்ஸும் ஒரு ட்ரெயினியும். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய இடத்தில், எல்லா மாடிகளுக்கும் சேர்த்து ஒரே நைட் சூப்பர்வைசர். வராத ஸ்டாஃபுக்கு மாற்று ஆள் பிடிப்பது, காலிப் படுக்கை தேடுவது, இறந்தவரின் உடலை ஒப்படைக்கும் காகிதங்களை முடிப்பது, உறவினர்களின் கோபத்தைச் சமாளிப்பது எல்லாம் அவர் தலையில். ஒரு வார்டில் அவரால் பத்து நிமிடம் நிற்க முடிந்தால் அதிகம். மீதி இரவு முழுக்க அந்த வார்டைப் பற்றி அவருக்குத் தெரிவதெல்லாம் சார்ட்டில் எழுதியிருப்பதும் நர்ஸ் வாயால் சொல்வதும் மட்டுமே. இரண்டும் பொய்யானால் அவர் இருட்டில் நடக்கிறார்.

நர்ஸின் பக்கத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. நடுராத்திரியில் கூப்பிட்டால் இந்தப் புது ஆள் வருவாரா? ஏதாவது தவறிவிட்டால் என்னோடு நிற்பாரா, இல்லை என்னை முன்னால் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வாரா?

அன்று சூப்பர்வைசர் செய்தது, பலரும் செய்வதுதான். மெமோ கொடுத்தார்.

மெமோவுக்குப் பலன் உடனே தெரிந்தது. அடுத்த இரவு முதல் சார்ட்டில் 18, 22, 19, 20 என்று எண்கள் அழகாக மாறி மாறி வந்தன. 6 மணிக் கட்டம் ஆறு மணிக்குப் பிறகே நிரம்பியது. ஆனால் ஐ.சி.யூ.வில் பழகிய கண்ணுக்கு அது போதவில்லை. மூச்சை எண்ணுகிற நர்ஸ் எப்படி நிற்பார் என்று அவருக்குத் தெரியும்: கண் நோயாளியின் நெஞ்சிலும் கைக்கடிகாரத்திலும் மாறி மாறிப் போகும், முழுதாக ஒரு நிமிடம் பேச்சு இருக்காது. அப்படி யாரும் நிற்பதை அவர் பார்க்கவே இல்லை. மெமோ எண்களை உண்மையாக்கவில்லை. பொய்யை நேர்த்தியாக்கியிருந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. அவர் உள்ளே நுழைந்தால் வார்டு மௌனமாகிவிடும். “எல்லாம் ஓகேவா சிஸ்டர்?” என்று கேட்டால், “ஓகே மேடம்” என்று மட்டும் பதில் வரும்.

மூச்சு எண்ணிக்கை மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் மிஷின் காட்டிவிடும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர், ஆக்ஸிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப். மூச்சை மட்டும் சாதாரண வார்டில் மனிதர்தான் நின்று எண்ண வேண்டும். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது அதுதான். உலகம் முழுக்க வார்டு சார்ட்டுகளில் 18, 20 என்ற எண்கள் அளவுக்கு மீறி வருவதை ஆய்வாளர்கள் பல முறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், உடம்பு மோசமாகப் போகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதும் இதே எண்தான். தொற்று ரத்தத்தில் பரவும்போது உடம்பில் அமிலம் சேர்கிறது. அதை வெளியேற்ற நுரையீரல் வேகமாக வேலை செய்கிறது. ரத்த அழுத்தம் சரிவதற்குச் சில மணி நேரம் முன்பே மூச்சு 24, 26 என்று ஏறிவிடக்கூடும்.

இரண்டாவது வாரம் சூப்பர்வைசர் ஒரு வேலை செய்தார். காலை ஐந்து மணிக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டு, வார்டின் ஒரு பக்கத்துப் படுக்கைகளுக்குத் தானே வைட்டல்ஸ் எடுத்தார். சொல்லிக்கொடுக்கவோ சோதிக்கவோ அல்ல. எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துகொள்ள. தூங்குபவரை எழுப்பி, சட்டைக் கையை மேலே ஏற்றி, நான்கு அளவையும் பார்த்து, மூச்சை எண்ணி, எழுதி முடிக்க ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் போனது. 26 பேருக்கு 130 நிமிடம். அதே இரண்டு மணி நேரத்தில்தான் காலை ரத்த மாதிரிகள் எடுக்க வேண்டும், 6 மணி ஆன்டிபயாடிக் போட வேண்டும், சிறுநீர்ப் பைகளை அளந்து கொட்ட வேண்டும், படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் துடைத்து விட வேண்டும், 8 மணி ஓவருக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். பொது ஆஸ்பத்திரிகளில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இங்கே ஒரு நர்ஸும் இன்னும் முழுப் பொறுப்பு ஏற்க முடியாத ஒரு ட்ரெயினியும். நாலரை மணிக்கே கட்டத்தை நிரப்பிய கைக்கு வேறு வழி இருந்திருக்குமா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது அன்றுதான்.

கூடுதல் ஆள் போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. இருப்பதை மாற்றினார். நல்ல நிலையில் இருக்கும் நோயாளிகளுக்குக் காலை வைட்டல்ஸை ஐந்து மணியிலிருந்து ஏழு வரை பிரித்துக்கொள்ளலாம் என்று டியூட்டி டாக்டரிடம் பேசி எழுதி வாங்கினார். அவசரமில்லாத ரத்த மாதிரிகளை ஆறு மணிக்கு வரும் லேப் டெக்னீஷியனிடம் விட்டார். பிறகு நர்ஸிடம் ஒன்றே ஒன்று சொன்னார். “சிஸ்டர், எடுக்க முடியாததை எழுதாதீங்க. கட்டத்தைக் காலியா விடுங்க. ஏன் காலின்னு நான் கேக்க மாட்டேன். ஆனா எழுதியிருந்தா அது நீங்க எண்ணுனதா இருக்கணும்.”

நர்ஸ் உடனே நம்பிவிடவில்லை. அன்று இரவு ஒரே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தார். சூப்பர்வைசர் பார்த்தார், கையெழுத்திட்டார், போய்விட்டார். அடுத்த இரவு நான்கு கட்டங்கள். அதற்கும் கேள்வி இல்லை. ஆனால் மூன்றாம் நாள் அந்த நான்கும் எந்த நேரத்தில், எந்த வேலை குறுக்கிட்டபோது விடுபட்டன என்று நர்ஸே வாய்விட்டுச் சொன்னார். அதிகாலை ஆன்டிபயாடிக் பாட்டில்கள் ஒரே நேரத்தில் குவிவதுதான் காரணம். சிலவற்றை அரை மணி நேரம் முன்னும் பின்னுமாக நகர்த்த டாக்டரிடம் ஒப்புதல் வாங்கினார்கள்.

முதல் பெரிய சோதனை ஒரு மாதம் கழித்து வந்தது. மணி 2.40. படுக்கை எண் 14-ல் சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்ட அறுபது வயதுக்காரர். நாடி 104, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 108, ஆக்ஸிஜன் 95, காய்ச்சல் 100.8. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தவில்லை. டியூட்டி டாக்டருக்கு ஒரு முறை போன் செய்தாகிவிட்டது. பாராசிட்டமால் கொடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் நர்ஸ் ஒரு நிமிடம் நின்று எண்ணினார். மூச்சு 26.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய ‘நியூஸ்’ என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. ஒவ்வொரு அளவும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். மேலே சொன்ன நான்கு எண்களுக்கும் தலா 1. கூட்டினால் 4. வார்டிலேயே வைத்துக் கவனிக்கலாம் என்கிற நிலை. மூச்சு 25-ஐத் தொட்டால் அதற்கு மட்டும் 3. ஆக மொத்தம் 7. அது அவசர நிலை. டாக்டர் உடனே வந்தாக வேண்டும். வழக்கம்போல 20 என்று எழுதியிருந்தால் அந்த மனிதர் காலை வரை 4-லேயே இருந்திருப்பார்.

ஏற்கெனவே ஒரு முறை எழுப்பிய டாக்டரை மறுபடி எழுப்ப நர்ஸுக்குத் தயக்கம். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். “மேடம், பதினாலு சரியில்லை. மூச்சு இருபத்தாறு. நானே எண்ணுனேன்.” ஐந்து நிமிடத்தில் சூப்பர்வைசர் வந்து, ஒன்றும் பேசாமல் தானும் ஒரு நிமிடம் எண்ணினார். 27. பிறகு டாக்டரை அழைத்து, நோயாளி யார், இப்போது என்ன மாறியிருக்கிறது, எண்கள் என்ன, நீங்கள் இப்போதே வர வேண்டும் என்று நான்கு வாக்கியத்தில் சொன்னார். டாக்டர் வந்தார். ரத்தம் கல்ச்சருக்குப் போனது, ஆன்டிபயாடிக் மாறியது, சலைன் வேகமாக ஏறியது, நாலு மணிக்கு முன்பே அவர் ஐ.சி.யூ.வில் இருந்தார். ஐந்தாம் நாள் அதே வார்டுக்குத் திரும்பினார்.

சூப்பர்வைசர் மறுபடி எண்ணிப் பார்த்தது நர்ஸுக்கு உறுத்தியது. உறுத்தத்தான் செய்யும். ஆனால் அதற்கடுத்த முறை இதேபோல ஓர் அழைப்பு வந்தபோது, படிக்கட்டில் ஏறும்போதே சூப்பர்வைசர் டாக்டருக்குப் போன் செய்துவிட்டார். தான் போய் எண்ணும் வரை காத்திருக்கவில்லை. இதைப் பற்றி இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவும் இல்லை.

நல்ல செய்தியோ நோயாளியைப் பற்றிய கெட்ட செய்தியோ சொல்வது ஒன்று. தன்னைப் பற்றிய கெட்ட செய்தியைச் சொல்வது வேறு. அந்த இரவு மூன்றாம் மாதத்தில் வந்தது.

இந்தியாவில் இன்சுலின் பாட்டில்கள் இரண்டு அடர்த்தியில் கிடைக்கின்றன. ஒரு மில்லியில் 40 யூனிட் இருப்பது ஒன்று, 100 யூனிட் இருப்பது இன்னொன்று. அந்தந்த அளவுக்கென்றே தனித்தனி சிரிஞ்சுகள்: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. அந்த வார்டில் வழக்கமாக இருப்பது 40 பாட்டிலும் சிவப்பு மூடி சிரிஞ்சும்தான். அன்று ஒரு நோயாளியின் மகன் வெளிக் கடையில் வாங்கிவந்த பாட்டில் பிரிட்ஜில் மற்றவற்றோடு இருந்தது. அது 100.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் 10 யூனிட் என்று டாக்டர் எழுதியிருந்தார். நர்ஸ் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்து, 8.20-க்குப் போட்டார். அந்தக் கோடு வரைக்குமான மருந்து கால் மில்லி. 40 பாட்டிலில் கால் மில்லி என்றால் 10 யூனிட். 100 பாட்டிலில் அதே கால் மில்லி 25 யூனிட். இரண்டரை மடங்கு.

9.05-க்கு வேறொருவருக்கு மருந்து எடுக்கப் போனபோது லேபிள் கண்ணில் பட்டது. அந்த நேரத்தில் வார்டில் விஷயம் தெரிந்தவர் அவர் மட்டும். நோயாளி சாப்பிட்டுவிட்டு நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார். இனிப்பாக எதையாவது கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அடிக்கடி பார்த்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் இரவைக் கடத்திவிட முடியும் என்று தோன்றும். பல வார்டுகளில் அப்படி நடந்தும் இருக்கும். ஆனால் இந்த வகை இன்சுலின் தோலுக்கடியில் போட்ட அரை மணியில் வேலையைத் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை இருக்கும். அளவு கூடினால் இன்னும் நீளும். ஆபத்து வருவது நோயாளி தூங்கிய பிறகு. சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் குழப்பத்தையும் விழித்திருப்பவர் சொல்வார். தூங்குபவர் சொல்ல மாட்டார். ஈரமான தலையணை, சில்லென்ற கழுத்து, எழுப்பினால் சரியாகப் பதில் வராதது ஆகியவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இருட்டில் தள்ளி நின்று பார்ப்பவருக்கு, நன்றாகத் தூங்குகிறார் என்றே தோன்றும்.

9.10-க்கு நர்ஸ் போனை எடுத்தார். “மேடம், இன்சுலின் கூடிப்போச்சு. நான்தான் போட்டேன். பத்துக்கு இருபத்தஞ்சு.”

“நோயாளி இப்போ எப்படி இருக்கார்?” சூப்பர்வைசரின் முதல் கேள்வி அது. “சிபிஜி பாருங்க, நான் டாக்டரோட வர்றேன்.” எப்படி நடந்தது, ஏன் பார்க்கவில்லை என்ற கேள்விகள் அன்று இரவு வரவே இல்லை. விரல் நுனியில் குத்திப் பார்த்த சர்க்கரை 176. ஊசிக்கு முன்பு 232 இருந்தது. பத்து மணிக்கு 118. 10.45-க்கு 74, நெற்றியில் வியர்வை. குளுக்கோஸ் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள்; 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் தொடங்கியது. 11.30-க்கு அதையும் மீறி 66. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, அதாவது 25 கிராம் குளுக்கோஸ், நரம்பு வழியே போனது. அதன் பிறகு 148. அதிகாலை நான்கு மணி வரை மணிக்கொரு முறை குத்திப் பார்த்தார்கள். பிறகு இறங்கவில்லை.

மகனிடம் சொல்லியாக வேண்டும். வராந்தாவில் நின்று சூப்பர்வைசரே சொன்னார், நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. “அப்பாவுக்கு இன்சுலின் அளவு கூடிப்போச்சுங்க. எங்க தப்பு. உடனே தெரிஞ்சதால சர்க்கரை இறங்க இறங்க ஏத்திக்கிட்டு இருக்கோம். ராத்திரி முழுக்க பக்கத்துலயே இருப்போம்.” அவர் கோபப்பட்டார், கத்தினார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. நர்ஸ் தலை குனிந்து நின்றார், ஆனால் தனியாக நிற்கவில்லை.

காலையில் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினார்கள். நர்ஸ் லேபிளைப் படிக்கத் தவறியது அதில் ஒளிக்கப்படவில்லை. கூடவே, வெளியிலிருந்து வந்த பாட்டிலை யாரும் சோதிக்காமல் பிரிட்ஜில் வைத்ததும், இரண்டு அடர்த்தியும் ஒரே தட்டில் இருந்ததும் எழுதப்பட்டன. இன்சுலின் ஏற்றிய சிரிஞ்சையும் பாட்டிலையும் இன்னொருவர் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற விதி ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இருந்தது. அன்று ட்ரெயினி வேறு வேலையில் இருந்ததால் பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். இதைத்தான் சூப்பர்வைசர் கண்டிப்பாகப் பேசினார். நம்பிக்கை வந்துவிட்டதால் சோதனையைத் தளர்த்தலாம் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. சீனியர் நர்ஸின் சிரிஞ்சை ட்ரெயினி வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது அவமரியாதை இல்லை என்ற பழக்கம் அதற்குப் பிறகுதான் அந்த வார்டில் வந்தது. முதலில் சிரிஞ்சை நீட்டியவரும் அந்த நர்ஸ்தான்.

அடுத்த இரண்டு மாதங்களில் அந்த வார்டிலிருந்து மேலும் பல ரிப்போர்ட்டுகள் வந்தன. பெரும்பாலும் சின்னவை: தாமதமான மருந்து, மாறிப்போன மாதிரிக் குழாய், கடைசி நொடியில் தடுத்த தவறுகள். பாதியை எழுதியது ட்ரெயினிகள். மாதாந்தரக் கூட்டத்தில் நிர்வாகம் கேட்டது, மற்ற வார்டுகளில் இல்லாத தவறு உங்கள் வார்டில் மட்டும் ஏன்?

இந்தக் கேள்விக்கு ஒரு புகழ்பெற்ற பதில் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் எமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு ஆய்வு மாணவி, மருந்துப் பிழைகள் குறித்த பெரிய ஆய்வொன்றில் பங்கேற்றார். இரண்டு மருத்துவமனைகள், எட்டுப் பிரிவுகள். நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில்தான் பதிவான பிழைகள் அதிகம். பிழை எண்ணிக்கை எதுவும் தெரியாத ஓர் உதவியாளரை அந்தப் பிரிவுகளுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார். சில பிரிவுகளில் நர்ஸ்கள் பிழைகளை வெளிப்படையாகப் பேசினார்கள். சிலவற்றில் மேலாளருக்குப் பயந்து வாய் மூடியிருந்தார்கள். நல்ல குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, அதிகம் சொல்லின என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். 1996-ல் வெளியான இந்த ஆய்வு, பிறகு வந்த பல ஆய்வுகளுக்கு அடிப்படையானது. ஆனாலும் ரிப்போர்ட் எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒரு வார்டு நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது. அதிகம் சொல்லும் வார்டும் உண்மையிலேயே அதிகம் தவறும் வார்டும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். சின்னத் தவறுகளோடு, தடுக்கப்பட்ட தவறுகளும் வருகின்றனவா, செய்தவரே எழுதுகிறாரா, எழுதியதற்குப் பிறகு ஏதாவது மாறியதா என்று பார்க்க வேண்டும்.

சூப்பர்வைசர் கூட்டத்தில் அந்த மூன்றையும்தான் காட்டினார். எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டச் சொன்னபோது மறுத்தார். இப்போது மேலே நம்பிக்கை சம்பாதிக்க வேண்டிய இடத்தில் அவரே நின்றார். அன்று முழுதாகக் கிடைக்கவில்லை. ஆறு மணிக்குக் கூடுதலாக ஒரு நர்ஸ் வேண்டும் என்ற கோரிக்கை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. இன்சுலின் விஷயத்தில் மட்டும் முடிவானது: வெளியிலிருந்து வரும் பாட்டில் மருந்தகத்தில் சோதிக்கப்படாமல் வார்டு பிரிட்ஜுக்குள் போகாது; 100 பாட்டில் ஒவ்வொன்றும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளோடு தனி டப்பாவில் வரும். அந்த டப்பாவின் மேல் என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு இரவு நர்ஸிடம் கொடுக்கப்பட்டது.